போனில் எவ்வளவு இடம் வேண்டும்? மெமரி கார்டு எதற்கு?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், செல்போன் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





கல்வி உதவி பெறும் பிள்ளைகளுக்குப் போன் வாங்கிக் கொடுப்பது பற்றி நிர்வாகிகள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு போன்கள். ஒன்றில் உள்ளேயே 64 ஜிபி இடம், அதோடு மெமரி கார்டு போட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு. இன்னொன்றில் 128 ஜிபி, ஆனால் கார்டு போட வழியில்லை. எதை வாங்குவது? ஒருவர், "64 வாங்கி, 128 கார்டு ஒன்று போட்டால் மொத்தம் 192 ஆகிவிடுமே, அதுதானே லாபம்?" என்றார். கூட்டல் கணக்கு சரிதான். ஆனால் போன் அப்படிக் கூட்டிக்கொள்வதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

போனுக்குள் இருக்கும் இடத்தை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டு என்பது கொல்லைப்புறத்தில் இருக்கும் சாமான் அறை. சமையலும் படுக்கையும் வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும். ஆண்ட்ராய்டு இயங்குவதும், வாட்ஸ்அப், பேங்க் ஆப், பிள்ளைகளின் பாட ஆப் எல்லாம் உட்காருவதும் உள்ளிடத்தில்தான். சில ஆப்களில் ஒரு பகுதியைக் கார்டுக்கு நகர்த்த முடியும். ஆனால் பெரும் பகுதி உள்ளேயே தங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் நேராகக் கார்டில் போய் விழும்படி அமைக்க வழியே இல்லை. ஆகவே 64 ஜிபி போனில் எவ்வளவு பெரிய கார்டைப் போட்டாலும், ஆப்களுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இருப்பது அந்த 64 ஜிபிதான்.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. இப்போதைய நடுத்தர விலைப் போன்களின் உள்ளிடம் யுஎஃப்எஸ் என்ற வகையைச் சேர்ந்தது. கடையில் நாம் வாங்கும் சாதாரண கார்டு, போனில் போட்டால் வினாடிக்கு 100 எம்பி அளவுக்கு மேல் போகாது. உள்ளிடம் அதைப்போல் பல மடங்கு வேகமானது. படம் பார்க்க, பயான் கேட்க கார்டின் வேகம் தாராளமாகப் போதும். ஆப் ஓடும்போது சின்னச் சின்னத் துண்டுகளாக ஆயிரக்கணக்கில் படிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கும், அங்கேதான் கார்டு திணறும்.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் கார்டையே உள்ளிடமாக மாற்றிக்கொள்ளும் ஒரு வசதி வந்தது. சில போன்களில் இன்றும் இருக்கிறது. கார்டைப் போட்டதும் "உள்ளிடமாகப் பயன்படுத்தவா, எடுத்துச் செல்லும் கார்டாகப் பயன்படுத்தவா?" என்று கேட்கும். உள்ளிடம் என்று தேர்ந்தெடுத்தால், அந்தக் கார்டு அந்த ஒரு போனுக்கு மட்டுமே புரியும் ரகசிய எழுத்தில் பூட்டப்படும். பிறகு அதைக் கழற்றி வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டால் எதுவும் தெரியாது, "ஃபார்மேட் செய்யவா?" என்றுதான் கேட்கும். போன் போனால் கார்டும் போனது போலத்தான். அந்தக் கேள்வி வந்தால் எடுத்துச் செல்லும் கார்டு என்பதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

சரி, ஒரு மனிதருக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்? சென்ற மாதம் ஒரு லாத்தா போனைக் கொண்டு வந்தார். 64 ஜிபி போன். "இடம் நிறைந்துவிட்டது என்று தினமும் எழுதி வருகிறது, பெரிய கார்டு ஒன்று போட்டுக் கொடுங்கள் தம்பி" என்றார். செட்டிங்ஸில் Storage என்ற பக்கத்தைத் திறந்து அவரிடமே காட்டினேன். போனின் சொந்தச் சிஸ்டம் 17 ஜிபி. ஆப்கள் 11. கேமராவில் அவர் எடுத்த படமும் வீடியோவும் 9. இதர கோப்புகள் 3. வாட்ஸ்அப் மட்டும் 22 ஜிபி. மிச்சம் இருந்தது இரண்டே ஜிபி.

அந்த 22 ஜிபியைத் திறந்து பார்த்தோம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Storage and data என்பதற்குள் Manage storage என்று ஒன்று இருக்கிறது. எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அது பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். அந்த லாத்தாவின் போனில் மூன்றே மூன்று குரூப்கள் 14 ஜிபி பிடித்திருந்தன. சமையல் வீடியோ, சொந்தக்காரர்கள் குரூப்பில் சுற்றி வரும் வீடியோ, காலை வணக்கப் படங்கள். ஒரே வீடியோ மூன்று குரூப்பில் வந்திருந்தது. அவர் பார்த்தது பத்தில் ஒன்றுகூட இருக்காது. போன் தானாகவே இறக்கி வைத்துக்கொண்டது.

இதோடு இன்னும் இரண்டு மறைவான இடங்கள் உண்டு. நீங்கள் ஒருவருக்கு வீடியோ அனுப்பினால், கேமராவில் இருக்கும் அசல் தவிர, அனுப்பிய நகல் ஒன்றும் வாட்ஸ்அப்பின் Sent என்ற ஃபோல்டரில் தங்குகிறது. மகன் சபுரில் இருப்பதால் அந்த லாத்தா பேரப்பிள்ளைகளின் வீடியோக்களைத் தினமும் அனுப்புகிறார். அந்த நகல்களே இரண்டரை ஜிபி. அடுத்தது, வாட்ஸ்அப் இரவில் போனுக்குள்ளேயே எடுத்து வைக்கும் செய்தி நகல்கள். சுமார் ஒரு வாரத்து நகல்களை வைத்திருக்கும். அதில் இரண்டு ஜிபி போயிருந்தது.

மகன் அனுப்பியவற்றில் வேண்டியவற்றை முதலில் தனியாக எடுத்து வைத்தோம். பிறகு அந்த மூன்று குரூப்களின் வீடியோக்களை நீக்கினோம். Sent ஃபோல்டரையும் காலி செய்தோம். தானாக இறக்குவதை நிறுத்தினோம். அது Storage and data பக்கத்திலேயே இருக்கிறது, வீடியோ என்ற குறியை எடுத்துவிட்டால் போதும். இனி வீடியோ வந்தால் மங்கலான ஒரு கட்டமாகத் தெரியும், தொட்டால்தான் இறங்கும். 16 ஜிபி விடுபட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கார்டு வாங்கவில்லை. போட்டிருந்தாலும் அந்த 22 ஜிபியில் ஒரு சொட்டுகூட கார்டுக்குத் தானாகப் போயிருக்காது.

இப்போது வருங்காலக் கணக்கைப் பார்ப்போம். இன்றைய போனில் ஒரு புகைப்படம் சுமார் 4 எம்பி. முழு ஹெச்டி தரத்தில், அதாவது 1080 என்று போட்டிருக்கும் தரத்தில், ஒரு நிமிட வீடியோ சுமார் 130 எம்பி. 4கே தரத்தில் ஒரு நிமிடம் சுமார் 350 எம்பி. ஒரு நிமிட முழு ஹெச்டி வீடியோ முப்பது படங்களுக்கு மேல் இடம் பிடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். படம் எடுப்பதால் போன் நிறைவது குறைவு. வீடியோதான் நிறைக்கிறது.

நாளைக்கு மூன்று படம், மாதத்துக்கு ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கும் ஒருவருக்கு, ஆண்டுக்குப் படங்கள் நாலரை ஜிபி, வீடியோ எட்டு ஜிபி, ஆக 12 ஜிபி சுமார் சேரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாளைக்குப் பத்துப் படமும் வாரத்துக்கு ஐந்து நிமிட வீடியோவும் எடுப்பார்கள். படங்கள் 15 ஜிபி, வீடியோ 34 ஜிபி, ஆண்டுக்கு ஏறக்குறைய 50 ஜிபி.

128 ஜிபி போனில் சிஸ்டத்துக்கு 20, ஆப்களுக்கு 20, வாட்ஸ்அப்பை ஒழுங்காக வைத்திருந்தால் 15 என்று 55 ஜிபியைக் கழித்துவிடுங்கள். போனில் எப்போதும் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அப்டேட் இறங்காது, கேமரா சிக்கும், எழுதும் வேகமும் குறையும். அதற்கு 13 ஜிபி ஒதுக்கினால், நம் சொந்தப் படங்களுக்குச் சுமார் 60 ஜிபி கிடைக்கிறது. முதலில் சொன்னவருக்கு இது ஐந்து ஆண்டுகளுக்கு வரும், ஒரு போனின் ஆயுள் பெரும்பாலும் அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஓர் ஆண்டைத் தாண்டிச் சில மாதங்கள் வரும். பிறகு வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

அதே கணக்கை 64 ஜிபிக்குப் போடுங்கள். சிஸ்டத்துக்கு 20, ஆப்களைச் சுருக்கி 15, வாட்ஸ்அப்புக்கு 10, காலியிடம் 6 போனால் மிச்சம் 13 தான். குறைவாக எடுப்பவருக்கே ஓராண்டில் முடிந்துவிடும். அதோடு ஆப்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் பெருத்துக்கொண்டே போகின்றன, அந்தப் பெருக்கத்தைக் கார்டு தாங்காது. போன் விளம்பரத்தில் "கூடுதல் ரேம்" என்று சொல்கிறார்களே, அதற்கும் இதே உள்ளிடத்திலிருந்துதான் சில ஜிபி எடுத்துக்கொள்கிறார்கள். இடம் குறைந்த போனில் அதை நிறுத்தி வைப்பது நல்லது.

ஆகவே கேள்விக்கு என் பதில், 128 ஜிபி போன். கார்டு போடும் வசதியோடு 128 கிடைத்தால் இன்னும் நல்லது. 256 ஜிபி என்பது நிறைய வீடியோ எடுப்பவருக்கும், பெரிய கேம்கள் விளையாடுபவருக்கும்தான். நம் பிள்ளைகள் இரண்டாவது வகைக்குள் வர ஆசைப்படுவார்கள், அது வேறு கதை. 64 ஜிபி போன் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. கேமரா செட்டிங்ஸில் படங்கள் சேரும் இடத்தைக் கார்டுக்கு மாற்றுங்கள். படமும் வீடியோவும் அங்கே போய்விட்டால் உள்ளிடம் ஆப்களுக்கு மிஞ்சும்.

ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். பல போன்களில் சிம் தட்டில் இரண்டு குழிகள்தான் இருக்கும், இரண்டாவது குழியில் சிம் அல்லது கார்டு, ஏதாவது ஒன்றுதான் போட முடியும். இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கார்டு வசதி பெயருக்குத்தான். தட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், மூன்று குழி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பெரிய விலைப் போன்களில் கார்டு வசதி மறைந்து வருகிறது. ஐபோனில் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. சாம்சங் 2015-ல் தன் கேலக்ஸி எஸ்6-ல் எடுத்துவிட்டது, மறு ஆண்டு எஸ்7-ல் திருப்பிக் கொடுத்தது, 2021-ல் எஸ்21-ல் மீண்டும் எடுத்தது. கம்பெனிகளுக்கு உள்ளிடம் கூடிய போனை அதிக விலைக்கு விற்பது லாபம் என்பதும் இதில் இல்லாமலில்லை.

இதுவரை சொன்னதில் உள்ளிடத்தின் பக்கமே பேசியிருக்கிறேன். கார்டின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, இதைத்தான் குறிப்பாகச் சொல்ல வந்தேன்.

ஒரு குடும்பத்தார் தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டு வந்தார்கள். அது மவுத்தான அவர்களின் வாப்பா வைத்திருந்த போன். அவர் ஹஜ்ஜில் எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. போர்டு எரிந்துவிட்டிருந்தது. "மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு போனில் மாட்டி எடுக்க முடியாதா?" என்று அந்த உம்மா கேட்டார்கள். முடியாது. இன்றைய போன்களில் உள்ளிடம் முழுவதும் ரகசிய எழுத்தில்தான் இருக்கும், அதன் சாவி அதே போர்டில் உள்ள பிராசஸருக்குள் இருக்கும். சிப்பைப் பிரித்தால் சாவி இல்லாத பூட்டுதான் கையில் வரும். அந்தப் போர்டுக்கே உயிர் கொடுத்தால்தான் படம் கிடைக்கும். பல நாள் முயன்றும் அது எழும்பவில்லை. அந்தப் படங்கள் கார்டில் இருந்திருந்தால், கார்டைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, இன்னொரு போனில் போட்டு அங்கேயே காட்டியிருப்பேன்.

அதே காரணத்தால் கார்டுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. போன் தொலைந்தால், உள்ளிடத்தில் இருப்பதை உங்கள் பின் நம்பர் இல்லாமல் எவரும் பார்க்க முடியாது. கார்டில் இருப்பதை எடுத்தவர் யாராக இருந்தாலும் பார்க்கலாம், பூட்டு எதுவும் இல்லை. மகளின் நிக்காஹ் படங்கள், வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார், பாஸ்புக் படங்கள் எல்லாம் கார்டில் திறந்தே கிடக்கும். எங்களைப் போன்ற கடைகளில் போனைப் பழுதுக்குக் கொடுக்கும்போதும் கார்டையும் சிம்மையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். நம்பிக்கையான கடையாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள், நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

பழைய போனை விற்கும்போதும் இதே வேறுபாடுதான். முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு செட்டிங்ஸில் Factory data reset கொடுத்தால் உள்ளிடத்தின் சாவி அழிந்துவிடும், பிறகு பழைய படங்களை மீட்க முடியாது. கார்டில் ஃபார்மேட் செய்வது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. படங்களை மீட்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் குடும்பப் படங்கள் இருந்த கார்டைப் போனோடு சேர்த்து விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். நூறு, இருநூறு ரூபாய்க்காக அந்த அமானிதத்தை வெளியே விடக் கூடாது.

என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். புதிய படங்கள் போனில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு கார்டுக்கு நகல் எடுத்து, அந்தக் கார்டைக் கழற்றி அலமாரியில் பூட்டி வைப்போம். அதே படங்கள் மச்சான் வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்கிலும் இருக்கும். இரண்டு இடத்திலும் திறந்து பார்த்து, படங்கள் வருகின்றன என்று உறுதி செய்த பிறகுதான் போனில் நீக்குவோம். கார்டுக்கு நகர்த்தி உடனே போனில் அழித்துவிட்டால் மறுபடியும் ஒரே ஒரு பிரதிதானே இருக்கிறது. கார்டும் கெடும். கெடும்போது சில கார்டுகள் புதிதாக எதையும் எழுதவிடாமல் பூட்டிக்கொள்ளும். நீக்கிய படம் மறுபடி வந்து நிற்கும், ஃபார்மேட் ஆக மறுக்கும். அந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே உள்ளதை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அப்போது படிக்கவாவது முடிகிறது. வேறு சில எச்சரிக்கை இல்லாமலே போய்விடும். அலமாரியில் பல ஆண்டு மின்சாரம் படாமல் கிடப்பதும் கார்டுக்கு ஆகாது, ஆண்டுக்கு ஒருமுறையாவது போட்டுத் திறந்து பாருங்கள்.

கார்டு தேய்வது எழுதி எழுதித்தான், படிப்பதால் மிகக் குறைவு. எனவே வயதான உம்மா, வாப்பாவுக்குக் கிராஅத்தும் பயானும் கேட்க ஒரு சின்னக் கார்டு மிகவும் பொருத்தம். ஒரு மணி நேர ஒலிப்பதிவு நல்ல தரத்தில் 60 எம்பிக்குள் அடங்கும். குர்ஆன் முழுவதும் ஓதிய பதிவு முப்பது மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ஜிபியைத் தாண்டாது. 32 ஜிபி கார்டில் ஐந்நூறு மணி நேரம் பிடிக்கும். இதற்குப் பெரிய கார்டு தேவையே இல்லை.

கடைசியாகப் போலிக் கார்டு பற்றி. அசல் கார்டின் விலையில் கால்வாசிக்கு 512 ஜிபி, 1 டிபி கார்டு என்று விற்பது பெரும்பாலும் போலி. உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி சிப்தான். 512 என்று காட்டும்படி அதை மாற்றி எழுதியிருப்பார்கள். போனில் போட்டால் 512 என்றே தெரியும், முதல் சில நூறு படங்கள் ஒழுங்காக ஏறும். உண்மையான இடம் முடிந்த பிறகும் ஏறுவது போலவே காட்டும். ஆனால் அதற்குப் பிறகு வைத்த படங்கள் திறக்காது, சாம்பல் நிறக் கட்டமாக நிற்கும். அல்லது பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்படும். போன் அளவைக் காட்டுவதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் H2testw என்ற சிறிய இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. காலியான கார்டைப் போட்டு Write + Verify என்பதை அழுத்தினால், கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நல்ல கார்டு என்றால் Test finished without errors என்று வரும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். படம் வைப்பதற்கு முன்னால், பில் கையில் இருக்கும்போதே, வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கார்டை இங்கே கொண்டு வரலாம். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை நான் இருப்பேன், சோதித்துக் கொடுக்கிறேன்.